புக்கைத் திறக்கலாம், போனை எடுக்கக் கூடாது

போன வியாழக்கிழமை ராத்திரி ஓ.பி. முடிச்சுட்டு வீட்டுக்கு வந்து பார்த்தா, அக்கா பொண்ணுகிட்ட இருந்து நாலு மிஸ்டு கால். வெளிநாட்டுல பொதுச் சுகாதாரம் முதுகலை படிக்கிறா. என்னவோ ஏதோன்னு பதறிப்போய்க் கூப்பிட்டேன்.

"மாமா, நாளைக்கு டேக் ஹோம் எக்ஸாம். அதுவும் ஓப்பன் புக்கும் ஒண்ணுதானே? பார்த்து எழுதலாம், அவ்வளவுதானே?"

அவளுக்கு இது ஒரு சின்னச் சந்தேகம். எனக்கு இதே சந்தேகம் பதினோரு வருஷத்துக்கு முன்னாடி வரலை. வராததால ஒரு வருஷம் போச்சு, ஒரு நண்பனோட வேலையும் போச்சு. அவகிட்ட போன்ல சொன்னதைக் கொஞ்சம் விரிவா இங்க எழுதறேன். நீளமான த்ரெட், பொறுத்துக்கங்க.

எம்.பி.பி.எஸ். முடிச்சு சில வருஷம் கழிச்சு, வேலை பார்த்துக்கிட்டே தொற்றுநோயியல்ல ஒரு டிப்ளமோ சேர்ந்தேன். எந்த நிறுவனம்னு வேண்டாம். கடைசியில ரெண்டு பேப்பர். முதல் பேப்பர் ஹால்ல உட்கார்ந்து எழுதற ஓப்பன் புக். ரெண்டாவது, வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் 72 மணி நேரத்துல முடிச்சு அனுப்பற டேக் ஹோம். ரெண்டுலயும் புக் பார்க்கலாம்னு கேட்டதும் எங்க பேட்ச்ல எல்லாருக்கும் ஒரே குஷி. எம்.பி.பி.எஸ். முழுக்க மனப்பாடம் பண்ணியே வந்தவங்க இல்லையா.

முதல் பேப்பருக்கு மூணு வாரம் முன்னாடியே ஒரு பட்டியல் வந்துச்சு. ஒரு அச்சிட்ட பாடநூல், புள்ளியியல் அட்டவணை, கையால எழுதின குறிப்பு, சாதாரண கால்குலேட்டர், இதெல்லாம் கொண்டு வரலாம். ஜெராக்ஸ் கூடாது, பழைய கேள்வித்தாள் கூடாது, போன் கூடவே கூடாது. இன்ஜினியரிங் படிச்சவங்களுக்கு இது புதுசு இல்லை, டிசைன் டேட்டா புக்கை ஹாலுக்குள்ள கொண்டு போய்ப் பழகினவங்க. டாக்டர்களுக்கு இது புதுசு.

எனக்கு முன்னாடி சீட்ல இருந்த அக்கா அழகா ஒரு ஃபைல் போட்டுக் கொண்டு வந்திருந்தாங்க. அதுல பாதிக்குப் பாதி ஜெராக்ஸ். கண்காணிப்பாளர் உருவி எடுத்து மேஜை மேல வச்சுட்டார். "சார், இதுவும் புக்ல இருக்கறதுதான்." "இருக்கலாம்மா, புக்கா கொண்டு வந்திருந்தா விட்டிருப்பேன்." அதுக்கு மேல பேச ஒண்ணுமில்லை. ஓப்பன் புக்னா எந்த புக், எந்த வடிவத்துலங்கறதையும் சேர்த்துத்தான் படிக்கணும். வக்கீல் நண்பர்கள் கிட்ட கேட்டா இன்னும் நல்லா சொல்வாங்க. அகில இந்திய பார் தேர்வு ரொம்ப வருஷம் ஓப்பன் புக்கா இருந்துச்சு, இப்போ சட்டப் புத்தகத்தோட வெறும் மூல வடிவம் மட்டும்தான் அனுமதி, குறிப்போ விளக்கமோ இருக்கக் கூடாது.

சரி, உள்ள போனா பத்து கேள்வி, 2 மணி நேரம். ஒரு கேள்விக்கு 12 நிமிஷம். நான் கொண்டு போனது தலையணை மாதிரி ஒரு புக்.

மூணாவது கேள்வி இப்படி. ஒரு கல்யாணச் சாப்பாடு. அதுல 120 பேர்கிட்ட விசாரிச்சிருக்காங்க, 54 பேருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. பாயசம் சாப்பிட்டவங்க 80 பேர், அதுல 48 பேருக்கு நோய். சாப்பிடாதவங்க 40 பேர், அதுல 6 பேருக்கு. தயிர் சாதம் சாப்பிட்டவங்க 90 பேர்ல 45 பேருக்கு, சாப்பிடாத 30 பேர்ல 9 பேருக்கு. எந்த உணவு மேல சந்தேகம்?

கணக்கு ரொம்பச் சுலபம். பாயசம் சாப்பிட்டவங்கள்ல 60 சதவீதம் பேருக்கு நோய், சாப்பிடாதவங்கள்ல 15 சதவீதம். ஒண்ணை இன்னொண்ணால வகுத்தா 4. பாயசம் சாப்பிட்டவங்களுக்கு ஆபத்து நாலு மடங்கு. தயிர் சாதத்துக்கு 50 சதவீதம், 30 சதவீதம். வகுத்தா 1.67. ஆக பாயசம்தான் முதல் சந்தேகம்.

இதுக்கு புக்கே தேவையில்லை. ஆனா கையில புக் இருக்கே! சூத்திரத்தை ஒரு தடவை உறுதிப்படுத்திக்கலாம்னு புரட்ட ஆரம்பிச்சேன். பொருளடக்கம், பின்னாடி அகரவரிசை, அங்க சொன்ன பக்கம், அது வேற வகை ஆய்வைப் பத்தின பக்கம், மறுபடி அகரவரிசை. தலை நிமிர்ந்து பார்த்தப்ப 9 நிமிஷம் போயிருந்தது. மிச்சம் இருந்த 3 நிமிஷத்துல மேல இருக்கற கணக்கைப் போட்டேன். கடைசி ரெண்டு கேள்வியை முழுசா எழுத முடியலை.

ஹால்ல நடக்கற ஓப்பன் புக்ல காவல்காரன் கடிகாரம்தான். புக்கை அனுமதிச்சுட்டு, அதைப் படிக்கற நேரத்தை எடுத்துடறாங்க. 12 நிமிஷக் கேள்விக்கு புக்ல 3 நிமிஷத்துக்கு மேல செலவு பண்ணினா அந்தக் கேள்வி உங்களுக்குத் தெரியலைன்னுதான் அர்த்தம். நல்லா எழுதினவங்களைப் பின்னாடி விசாரிச்சேன். ஒருத்தர் ஒரே ஒரு தாள்ல, எந்தக் கணக்கு எந்தப் பக்கம்னு தன் கையால முப்பது வரி எழுதிக் கொண்டு வந்திருந்தார். கைக்குறிப்பு அனுமதின்னு பட்டியல்ல இருந்துச்சே, அதை அவர்தான் சரியாப் படிச்சிருக்கார். புக்கை மொத்தம் நாலு தடவைதான் திறந்தாராம்.

எப்படியோ பாஸ். கதை அடுத்த பேப்பர்லதான்.

ஒரு மாசம் கழிச்சு டேக் ஹோம். வெள்ளிக்கிழமை காலை 9 மணிக்கு மெயில்ல வந்துச்சு, திங்கட்கிழமை காலை 9 மணிக்குள்ள திருப்பி அனுப்பணும். திறந்து பார்த்தா சிரிப்பு வந்துடுச்சு. அதே கல்யாணம், அதே பாயசம், அதே தயிர் சாதம். இந்தத் தடவை 120 பேரோட விவரமும் ஆள் ஆளா ஒரு எக்செல் ஷீட்ல இருந்துச்சு. வயசு, எந்தப் பந்தி, என்னென்ன சாப்பிட்டாங்க, எத்தனை மணிக்கு வாந்தி. கேள்வி ஒண்ணே ஒண்ணு: தயிர் சாதத்துக்கும் இதுல பங்கு உண்டா? 1500 வார்த்தைக்கு மிகாம அறிக்கை எழுது.

மூணு நாள் எதுக்குன்னு அப்போதான் புரிஞ்சுது. 1.67ங்கற எண்ணை மட்டும் பார்த்தா தயிர் சாதமும் கொஞ்சம் குற்றவாளி மாதிரித்தான் தெரியும். ஆனா தயிர் சாதம் சாப்பிட்டவங்கள்ல முக்கால்வாசிப் பேர் பாயசமும் சாப்பிட்டிருக்காங்க. பாயசத்தோட பழி தயிர் சாதத்து மேல ஒட்டிக்கிச்சான்னு பார்க்கணும். அதுக்கு ஆட்களை ரெண்டு கூட்டமாப் பிரிக்கணும்.

பாயசம் சாப்பிட்ட 80 பேரை மட்டும் எடுங்க. அதுல தயிர் சாதமும் சாப்பிட்டவங்க 70, நோய் வந்தது 42 பேருக்கு. தயிர் சாதம் சாப்பிடாதவங்க 10, நோய் 6 பேருக்கு. ரெண்டும் 60 சதவீதம். இப்போ பாயசம் தொடாத 40 பேர். தயிர் சாதம் சாப்பிட்ட 20 பேர்ல 3 பேருக்கு, சாப்பிடாத 20 பேர்ல 3 பேருக்கு. ரெண்டும் 15 சதவீதம். எந்தக் கூட்டத்துல பார்த்தாலும் தயிர் சாதம் சாப்பிட்டதால ஒரு வித்தியாசமும் இல்லை. தயிர் சாதம் நிரபராதி.

இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒண்ணரை நாள் ஆச்சு. முதல்ல வயசை வச்சுப் பிரிச்சேன், அப்புறம் பந்தியை வச்சு, அப்புறம் நேரத்தை வச்சு. சனிக்கிழமை சாயங்காலம் பாயசத்தை வச்சுப் பிரிச்சப்ப ரெண்டு பக்கமும் எண்கள் சமமா வந்து நின்னுச்சு. வேற எந்தப் பரீட்சையிலயும் அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு வந்ததில்லை.

அன்னிக்கு ராத்திரி பதினொரு மணிக்கு நண்பன் போன். அதே டிப்ளமோ, வேற ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துல வேலை. மூணு நாள்ல ரெண்டு நாள் அவனுக்கு டியூட்டி. "மச்சான், அந்தத் தயிர் சாதம் என்னடா, ஒண்ணும் பிடிபடலை."

நான் சொன்னது ஒரே வாக்கியம்: "பாயசம் சாப்பிட்டவன், சாப்பிடாதவன்னு ரெண்டாப் பிரிச்சுட்டு தயிர் சாதத்தைப் பாரு."

அதோட நிறுத்தலை. என் அட்டவணையை ஒரு போட்டோ எடுத்து அனுப்பினேன்.

தப்புங்கற எண்ணமே எனக்கு வரலை. எங்க வகுப்புல செய்முறை எல்லாம் நாலு நாலு பேராத்தான் பண்ணுவோம். கேள்வித்தாளோட முதல் பக்கத்துல, எந்தப் புத்தகம், கட்டுரை, இணையதளம் வேணும்னாலும் பயன்படுத்தலாம், எங்க இருந்து எடுத்தீங்கன்னு குறிப்பிடணும்னு போட்டிருந்தது. இவ்வளவு தாராளமா விட்டிருக்காங்க, நண்பன்கிட்ட பேசறதா தப்புன்னுதான் எவனுக்கும் தோணும். மூணாவது வரியில, விடை தேர்வரின் தனி உழைப்பாக இருக்க வேண்டும், பிறருடன் கலந்தாலோசிக்கக் கூடாதுன்னு இருந்துச்சு. அதுக்குக் கீழதான் நான் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

எப்படி மாட்டினோம்? என் அட்டவணையில ஒரு 20ஐ 19னு டைப் பண்ணியிருந்தேன். அதனால அந்தச் சதவீதம் 15க்குப் பதிலா 15.8. கூட்டிப் பார்த்தா கல்யாணத்துக்கு வந்தவங்க 119 பேர். எல்லாரோட அறிக்கையிலயும் 120 விருந்தாளி, ரெண்டு பேர் அறிக்கையில மட்டும் 119. சரியான விடை ஒரே மாதிரி இருந்தா யாரும் சந்தேகப்பட மாட்டாங்க. ஒரே தப்பு ரெண்டு இடத்துல தனித்தனியா முளைக்காது.

ரெண்டு பேரையும் நேர்ல கூப்பிட்டாங்க. ஏன் பாயசத்தை வச்சுப் பிரிச்சீங்க, ஏன் வயசை வச்சுப் பிரிக்கலைன்னு அவனைக் கேட்டிருக்காங்க. அவனால சொல்ல முடியலை. சாதாரண நாள்ல கேட்டிருந்தா சொல்லியிருப்பான், என்னை விடக் கெட்டிக்காரன். என்னைக் கேட்டாங்க, சொன்னேன். ஆனா விதி கொடுத்தவன், வாங்கினவன்னு பிரிச்சுப் பார்க்கலை. ரெண்டு பேருக்கும் அந்தப் பேப்பர்ல பூஜ்ஜியம், அடுத்த வருஷம் மறுபடி எழுதணும். எனக்கு அது வெறும் ஒரு வருஷம். அவனுக்கு அந்த டிப்ளமோவைக் காட்டினா கிடைக்கவேண்டிய ஒரு வேலை இருந்துச்சு, அது வேற ஒருத்தருக்குப் போயிடுச்சு. இன்னிக்கு வரைக்கும் அவன் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. போட்டோ அனுப்பினது நான்தானேன்னு எனக்குத்தான் அப்பப்போ உறுத்தும்.

எங்களை மாதிரி ரெண்டு பேர் இல்லை, ஒரு கூட்டமே மாட்டின கதை ஹார்வர்டுல நடந்துச்சு. 2012ல அமெரிக்க நாடாளுமன்றத்தைப் பத்தின ஒரு பாடத்துக்கு டேக் ஹோம் இறுதித் தேர்வு. புக், குறிப்பு, இணையம் எல்லாம் திறந்து விட்டிருந்தாங்க. ஆனா மத்தவங்களோட விவாதிக்கக் கூடாதுன்னும் அதே தாள்லயே இருந்துச்சு. வகுப்புல இருந்தவங்க 279 பேர். விடைகள் ஒரே மாதிரி இருக்குன்னு ஏறத்தாழ 125 பேர் மேல விசாரணை. அடுத்த வருஷம் பிப்ரவரியில முடிவு வந்தப்ப, விசாரிக்கப்பட்டதுல பாதிக்கும் மேலானவங்களைத் தற்காலிகமா கல்லூரியை விட்டு விலகச் சொல்லிட்டாங்க. மாணவர்கள்ல பலர் சொன்னது, இந்த வகுப்புல சேர்ந்து படிக்கறது சகஜமா இருந்துச்சுன்னுதான். படிச்சப்ப எனக்கு யாரோ என் வாக்குமூலத்தை எழுதின மாதிரி இருந்துச்சு.

எல்லா புக்கையும் அனுமதிச்சுட்டு ஏன் ஆளை மட்டும் தடுக்கறாங்கன்னு நான் ரொம்ப நாள் யோசிச்சிருக்கேன். என் கேள்வித்தாளே பதில் சொல்லுது. கூட்டமாப் பிரிச்சுப் பார்க்கற முறை எந்தப் பாடநூல்லயும் இருக்கு, ஒரு அத்தியாயமே இருக்கு. ஆனா இந்தக் கல்யாணத்துக்கு அந்த அத்தியாயம்தான்னு புக் சொல்லாது. புக்குக்கு உங்க கேள்வி தெரியாது. நண்பனுக்குத் தெரியும். நான் சொன்ன அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் மூணு நாளும், முழு மதிப்பெண்ணும்.

டாக்டர்களுக்கே நடக்கற ஒரு பரீட்சையில இது இன்னும் தெளிவாத் தெரியும். அமெரிக்காவுல பொது மருத்துவ நிபுணர்கள் தங்களோட சான்றிதழைத் தக்க வச்சுக்கப் பரீட்சை எழுதணும். ஒரு வழி, பத்து வருஷத்துக்கு ஒரு தடவை தேர்வு மையத்துல நாள் முழுக்க உட்கார்ந்து எழுதறது. அங்க 2018ல இருந்து அப்டுடேட்ங்கற மருத்துவத் தகவல் தொகுப்பைத் திரையிலயே பார்க்க விடறாங்க. சொந்த நோட்டு, போன் எதுவும் கூடாது. இன்னொரு வழி 2022ல வந்துச்சு. வீட்டுல இருந்தபடியே மூணு மாசத்துக்கு 30 கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் 4 நிமிஷம், அவசரத்துக்கு எடுத்துக்க வருஷத்துக்கு 30 நிமிஷம் கூடுதல் இருப்பு. இதுல எந்த புக்கும் எந்த இணையதளமும் பார்க்கலாம். இன்னொரு மனுஷனைக் கேட்கறது மட்டும் கூடாது. வீட்டுல எழுதறதா இருந்தாலும் கேள்விக்குக் கேள்வி கடிகாரம் ஓடறதால, நேரக் கணக்குல இது ஹால் பரீட்சை மாதிரி. எதைப் பார்க்கலாம்ங்கற கணக்குல டேக் ஹோம் மாதிரி. பேரை வச்சு எதையும் முடிவு பண்ண முடியாதுங்கறதுக்காகச் சொல்றேன்.

அக்கா பொண்ணுகிட்ட அதனாலதான் முதல்ல விதிமுறைப் பக்கத்தை அனுப்பச் சொன்னேன். அனுப்பினா. அதுல அவளுக்கு ரெண்டு பேப்பர் இருந்துச்சு.

நாளைக்கு வர்றது எனக்கு வந்த மாதிரியே 72 மணி நேர டேக் ஹோம். அடுத்த புதன்கிழமை வர்றதைப் பார்த்துத்தான் திக்குன்னு ஆச்சு. ஆன்லைன் ஓப்பன் புக், காலை 9 மணிக்குத் திறந்து மறுநாள் காலை 9 மணிக்கு மூடும். ஆரம்பிச்சா 3 மணி நேரம்.

"அதுக்கு 24 மணி நேரம் இருக்கு மாமா. புதன்கிழமை முழுக்கப் படிச்சுட்டு, வியாழக்கிழமை காலையில ஏழு மணிக்கு ஃப்ரெஷ்ஷா ஆரம்பிச்சுடுவேன்."

"அம்மாடி, அந்த 24 மணி நேரம் கதவு திறந்திருக்கற நேரம். எழுதற நேரம் 3 மணிதான். ஏழுக்கு ஆரம்பிச்சா ஒன்பதுக்குக் கதவை மூடிடுவான், உனக்குக் கிடைக்கறது ரெண்டு மணி நேரம். கையால எழுதி ஸ்கேன் பண்ணி ஏத்தணும்னா அந்த நேரமும் இதுக்குள்ளயான்னு கேளு."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. கீழ சின்ன எழுத்துல அதே விஷயம் இருந்துச்சு, படிச்சுக் காட்டினேன்.

டேக் ஹோம்ல கடிகாரம் பெரிய எதிரி இல்லை. 72 மணி நேரமும் உட்கார்ந்து எழுதணும்னு யாரும் எதிர்பார்க்கலை, ஒண்ணரை நாள் நிதானமா வேலை பார்த்தாப் போதும்னுதான் பெரும்பாலும் போடறாங்க. அங்க கட்டுப்படுத்தறது வார்த்தை எண்ணிக்கை. நேரம் இருக்கேன்னு படிச்சதையெல்லாம் கொட்டினா 1500 வார்த்தை தயிர் சாதம் வர்றதுக்குள்ளயே தீர்ந்துடும். பயன்படுத்தின கட்டுரையை அப்பப்போ குறிச்சு வச்சுக்கணும். ஹால்ல யாரும் எந்தப் பக்கத்துல பார்த்தேன்னு கேட்கறதில்லை, டேக் ஹோம்ல கேட்பாங்க.

அவளுக்கு இன்னொரு சந்தேகம். "என் ஃப்ரெண்டு இங்கிலீஷ் மட்டும் திருத்தித் தர்றேன்னு சொல்றா மாமா. அது பரவாயில்லையா?"

அது எனக்குத் தெரியாது. சில இடத்துல எழுத்துப்பிழை பார்க்க விடுவாங்க, சில இடத்துல அதுவும் உதவிதான். "பேப்பர் திறக்கறதுக்கு முன்னாடி பேராசிரியருக்கு மெயில் போட்டுக் கேளு. பதிலை எழுத்துல வாங்கி வச்சுக்கோ. பதில் வரலைன்னா காட்டாதே." என் காலத்துல யாராவது கேட்டிருந்தா பதில் சொல்லியிருப்பாங்க. நாங்க கேட்கவே இல்லை.

"அப்போ உங்ககிட்ட பேசறது?"

"இப்போ பேசலாம், பேப்பர் திறக்கலை. நாளைக்குக் காலையில ஒன்பது மணியில இருந்து என்னைக் கூப்பிடாதே. நீ சீக்கிரம் முடிச்சு அனுப்பிட்டாலும் திங்கட்கிழமை ஒன்பது மணி வரைக்கும் யார்கிட்டயும் வாயைத் திறக்காதே, உன் வகுப்புல எவளாவது இன்னும் எழுதிக்கிட்டிருப்பா."

மூணு நாளா குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல அவ குட் மார்னிங் கூடப் போடலை. அக்கா பயந்துபோய் என்னைக் கூப்பிட்டுத் திட்டினாங்க, "குழந்தையை என்னடா சொல்லி மிரட்டி வச்சிருக்கே?" திங்கட்கிழமை ராத்திரி போன் வந்துச்சு. எடுத்ததும் அவ கேட்டது, "மாமா, உங்க பேப்பர்ல அந்தப் பாயசத்துல அப்படி என்னதான் இருந்துச்சு?"